விருந்தினருக்குத் திடீரென முடியாமல் போனால் 108-ல் என்ன சொல்வது? வடசென்னை லாட்ஜ் ரிசப்ஷனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிமுனை, மண்ணடி, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து லாட்ஜ்களில் ரிசப்ஷனில் உட்காருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் நைட் டியூட்டியில் தனியாக இருப்பவரை மனதில் வைத்து எழுதியது.

ரூம்ல ஒருத்தருக்கு முடியலன்னு இன்டர்காம்ல சொல்றாங்க. முதல்ல மேனேஜருக்கா, 108-க்கா?

108-க்கு. மேனேஜர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அவரை எழுப்பி, விஷயத்தைச் சொல்லி, "என்ன பண்ணலாம்" என்று பேசி முடிப்பதற்குள் நாலைந்து நிமிடம் போய்விடும். 108 இலவசம், அழைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று தெரிந்த பிறகு மேனேஜரிடம் சொல்லலாம்.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மொபைலோடு ரூமுக்கு ஓடி அங்கிருந்தே பேச வேண்டும், மற்றவர் வாசலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தனியாக இருந்தால் ஷட்டரையும் கிரில் கேட்டையும் திறந்து வைத்துவிட்டு, படி ஏறும்போதே 108 போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள். கேட்டைத் திறக்காமல் மேலே போனால், நீங்கள் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது ஆம்புலன்ஸ்காரர்கள் கீழே பூட்டைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள்.

கவுன்டர்ல இருக்கிற லேண்ட்லைன்ல பண்ணக் கூடாதா?

பண்ணலாம், ஆனால் மொபைல்தான் நல்லது. லாட்ஜ் போர்டு போனில் வெளி லைன் எடுக்க முதலில் 0 அல்லது 9 அழுத்த வேண்டியிருக்கும். பதற்றத்தில் நேராக 108 அழுத்தினால் அது 108-ஆம் நம்பர் ரூமுக்குக்கூடப் போய் அடிக்கும். லேண்ட்லைன் மேலே வரவும் வராது. நோயாளியைப் பார்க்காமல் பேசினால், கேட்கிற எல்லாவற்றுக்கும் "தெரியல, பார்த்துச் சொல்றேன்" என்பதுதான் பதிலாக இருக்கும்.

எந்த மொபைலில் இருந்து கூப்பிட்டீர்களோ அதே எண்ணுக்குத்தான் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் வழி கேட்டுத் திரும்பக் கூப்பிடுவார். எனவே 108 இணைப்பு முடிந்ததும் அந்த மொபைலில் மேனேஜருக்கோ முதலாளிக்கோ பேசாதீர்கள். வேறு போனை எடுங்கள்.

அட்ரஸ் சொல்றதுல என்ன இருக்கு? லாட்ஜ் பேரும் தெருப் பேரும் சொன்னா வந்துட மாட்டாங்களா?

நேரம் அதிகம் வீணாவது இங்கேதான். 108-ல் போன் எடுப்பவர் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் அழைப்புகளைக் கேட்பவர். அவருக்கு உங்கள் தெரு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. "டி.எச். ரோடு, மெயின்லதான் சார்" என்றால் அது வண்ணாரப்பேட்டையாகவும் இருக்கலாம், தண்டையார்பேட்டையாகவும் இருக்கலாம், திருவொற்றியூராகவும் இருக்கலாம். ரோடு அவ்வளவு நீளம். "பிள்ளையார் கோயில் தெரு" என்றால் ஊரில் எத்தனை என்று எண்ண முடியாது.

பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். மாவட்டம், பகுதி, தெரு, கதவு எண், அடையாளம் என்று அதே வரிசையில் சொல்லுங்கள். திருவொற்றியூர்க்காரர்கள் பழைய பழக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் என்று சொல்லிவிடுகிறார்கள். 2018 முதல் அது சென்னை மாவட்டம். கதவு எண்ணைச் சொல்லும்போது "புதிய எண் இது, பழைய எண் இது" என்று இரண்டையும் சொல்ல வேண்டும். நம் பக்கத் தெருக்களில் ஒரு கட்டிடத்தின் பழைய எண்ணும் நாலு கட்டிடம் தள்ளி இன்னொன்றின் புதிய எண்ணும் ஒன்றாகவே இருக்கும். வெறும் எண்ணை மட்டும் சொன்னால் வண்டி தவறான வாசலில் போய் நிற்கும்.

அடையாளம் ராத்திரி இரண்டு மணிக்கும் கண்ணில் படுவதாக இருக்க வேண்டும். பகலில் மட்டும் திறந்திருக்கும் பாத்திரக்கடை உதவாது. கோயில் கோபுரம், மசூதி, மெட்ரோ ஸ்டேஷன், பெட்ரோல் பங்க் மாதிரி சொல்லுங்கள். கூடவே எந்த முனையிலிருந்து நுழைய வேண்டும் என்பதும் முக்கியம். தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு மாதிரி இடங்களில் பகலில் லோடு வண்டிகள் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும். பாரிமுனை முனை அடைத்திருந்தால் "மண்ணடி முனையிலிருந்து வாங்க, அங்க ஆள் நிக்கிறார்" என்று சொல்லி, உண்மையிலேயே ஓர் ஆளை அங்கே நிறுத்துங்கள். ராத்திரியாக இருந்தால் அவர் டார்ச்சை ஆட்ட வேண்டும்.

இதையெல்லாம் நெருக்கடியில் யோசித்துச் சொல்ல வராது. இன்றே ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, கவுன்டர் போனுக்கு மேலே ஒட்டிவிட்டு, உங்கள் மொபைலிலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரூம் நம்பர் சொன்னா போதாதா? 304-ன்னா மூணாவது மாடின்னு தெரியாதா?

தெரியாது. சில லாட்ஜில் தரைத்தளத்து ரூம்களே 101-ல் தொடங்கும். அங்கே 304 இரண்டாவது மாடியில்தான் இருக்கும். எனவே "தரையிலிருந்து ரெண்டு மாடி ஏறணும், ரூம் 304" என்று ஏறுகிற கணக்கில் சொல்லுங்கள்.

அடுத்து லிஃப்ட். மடக்குக் கதவு போட்ட பழைய லிஃப்டில் நாலு பேர் நெருக்கி நிற்கலாம், ஸ்ட்ரெச்சரைப் படுக்கைவாட்டில் உள்ளே விட முடியாது. லிஃப்ட் இல்லை, அல்லது சின்னது, படி குறுகல் என்றால் அதை போனிலேயே சொல்லிவிடுங்கள். எதை எடுத்துக்கொண்டு மேலே ஏறுவது என்று வருகிறவர்கள் வண்டியிலேயே முடிவு செய்துகொள்வார்கள்.

"மயக்கமா இருக்காரு"ன்னு தெளிவா சொன்னேன். அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. ஏன்?

ஏனென்றால் அது தெளிவான பேச்சு இல்லை. நம் வழக்கில் தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம். முதலாமவர் உங்களோடு பேசுவார், இரண்டாமவர் தட்டினாலும் எழுந்திருக்க மாட்டார். இரண்டு பேருக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

"பேச்சு மூச்சு இல்லாம கிடக்கார்" என்பது இதைவிட ஆபத்தான வாக்கியம். பேசாமல் கிடப்பவரையே வழக்கில் அப்படிச் சொல்லிவிடுகிறோம், அவருக்கு மூச்சு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். எதிர்முனையில் இருப்பவருக்கோ மூச்சு உண்டா இல்லையா என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. "இழுத்துக்கிச்சு" என்பதும் அப்படித்தான். வலிப்பு வந்தாலும் இழுத்துக்கிச்சு, வாய் ஒரு பக்கம் கோணினாலும் இழுத்துக்கிச்சு, ஆஸ்துமாக்காரருக்கும் இழுப்பு.

ஆகவே நோயின் பெயரைச் சொல்லாமல் கண்ணால் பார்ப்பதைச் சொல்லுங்கள். "ஹார்ட் அட்டாக்" என்று சொல்வதைவிட "நடு நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்குங்கிறார், வேர்த்துக் கொட்டுது, இடது கை வலிக்குதாம்" என்பது மேல். "ஸ்ட்ரோக்" என்பதைவிட "வாய் வலது பக்கம் கோணியிருக்கு, இடது கையைத் தூக்க முடியல, பேச்சு குழறுது" என்பது மேல். எப்போது தொடங்கியது என்பதையும் மணி பார்த்துச் சொல்லுங்கள். "இப்பதான்" என்றால் அது ஐந்து நிமிடமா ஒரு மணி நேரமா என்று கேட்பவருக்குப் புரியாது.

முழு போன் பேச்சும் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி கொடுங்க.

மண்ணடியில் ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி 2.10. ரூம் 304-இலிருந்து ஓர் அம்மா, கணவருக்கு நெஞ்சு வலி என்று இன்டர்காமில் சொல்கிறார். ரிசப்ஷனில் இருப்பவர் ரூம் பாயை டார்ச்சோடு தெரு முனையில் நிறுத்திவிட்டு, மொபைலோடு மேலே வந்துவிட்டார். கேட்பவர் தன் வரிசையில் கேட்பார், வார்த்தை மாறலாம். உங்கள் பதில் இந்த மாதிரி இருந்தால் போதும்.

"சார், சென்னை மாவட்டம், மண்ணடி. லிங்கிச் செட்டித் தெரு, புதிய எண் ____, பழைய எண் ____, ____ லாட்ஜ். மண்ணடி மெட்ரோ பக்கத்து முனையிலிருந்து வரணும். முனையில டார்ச்சோட ஆள் நிக்கிறார்."

"யாருக்கு, என்ன பிரச்சினை?"

"எங்க லாட்ஜ்ல தங்கியிருக்கிற ஒருத்தர். ஆம்பளை, 58 வயசு. நடு நெஞ்சுல அழுத்துதுங்கிறார். 1.50-க்கு ஆரம்பிச்சதா வீட்டம்மா சொல்றாங்க. நிறைய வேர்க்குது."

"நினைவு இருக்கா? மூச்சு எப்படி இருக்கு?"

"நினைவு இருக்கு, கேட்டா பதில் சொல்றார். மூச்சு வாங்குது, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல."

"சுகர், பி.பி. ஏதாவது இருக்கா?"

"அவங்க வீட்டம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன், லைன்லயே இருங்க... சுகர் இருக்காம், பத்து வருஷமா மாத்திரை சாப்பிடறாராம். மாத்திரை அட்டை என் கையில இருக்கு, பேர் படிக்கட்டுமா?"

"எந்த மாடி?"

"தரையிலிருந்து ரெண்டு மாடி ஏறணும், ரூம் 304. லிஃப்ட் சின்னது, ஸ்ட்ரெச்சர் போகாது. என் நம்பர் இதுதான், இதுலயே திரும்பக் கூப்பிடலாம். இப்ப நான் என்ன செய்யணும்?"

கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். வண்டி வருகிறது என்றதும் போனை வைத்துவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் "வைக்கலாம்" என்று சொல்லும்வரை நீங்கள் வைக்காதீர்கள். இடையில் நிலைமை மாறினால், அதாவது பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டால், உடனே சொல்லுங்கள். இணைப்பு அறுந்து போயிருந்தால் மறுபடி 108 போட்டு "ஏற்கெனவே மண்ணடிக்கு வண்டி கேட்டிருக்கோம், இப்ப நினைவு தப்பிடுச்சு" என்று தொடங்குங்கள். இல்லையென்றால் புது அழைப்பாக எண்ணி எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார்கள்.

மூச்சு இருக்கா இல்லையான்னு நான் டாக்டர் மாதிரி எப்படிச் சொல்றது?

தோளைத் தட்டி "சார், கேக்குதா" என்று சத்தமாகக் கூப்பிடுங்கள். அசைவில்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகிறதா என்று பத்து வினாடி பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஏமாற்றுவது ஒன்று உண்டு. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலருக்கு, தண்ணீரை விட்டு எடுத்த மீன் மாதிரி வாய் மட்டும் திறந்து திறந்து மூடும். எப்போதாவது ஒரு குறட்டை போலச் சத்தம் வரும். அது மூச்சு அல்ல. "மூச்சு இருக்கு சார், விட்டு விட்டு வருது" என்று இதைத்தான் பலர் சொல்லிவிடுகிறார்கள். "வாய் மட்டும் திறக்குது, நெஞ்சு ஏறி இறங்கல" என்று சொல்லுங்கள்.

அப்படியென்றால் நெஞ்சை அழுத்தச் சொல்வார்கள். போனை ஸ்பீக்கரில் தலைமாட்டில் வையுங்கள். மெத்தை மேல் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும், அதனால் இரண்டு பேராகப் பிடித்து அவரைத் தரைக்கு இறக்குங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில், நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே இன்னொரு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். ஆழம் சுமார் 5 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், அப்போது அடுத்தவர் தொடரட்டும். ஆம்புலன்ஸ்காரர்கள் கையில் எடுத்துக்கொள்ளும்வரை நிறுத்தக் கூடாது.

கூட வந்தவங்க அழுது கத்துறாங்க. போன்ல ஒண்ணுமே கேக்கல. எப்படி அடக்குறது?

"அழாதீங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்பது பலிக்காது. ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன வேலை கொடுங்கள். "அம்மா, அவர் சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் இந்தக் கவர்ல போடுங்க." "தம்பி, நீ வாசல்ல நில்லு, வண்டி வந்ததும் கூட்டிட்டு வா." "அண்ணே, ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடுங்க." இப்படிக் கை வேலையாகிவிட்டால் குரல் தானாகத் தணியும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான், அதுவும் பெயரையோ முறையையோ சொல்லிக் கூப்பிட்டு. பொதுவாக "யாராவது மாத்திரையை எடுங்க" என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

நோயாளியிடம் பேசும்போது அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, நடப்பதை மட்டும் சொல்லுங்கள்: "சார், ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. நான் உங்க கூடவே இருக்கேன். நீங்க எழுந்திருக்க வேணாம், சாஞ்சு உக்காருங்க." "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். "அஞ்சு நிமிஷத்துல வந்துடும்" என்பதும் வேண்டாம். ஆறாவது நிமிடத்திலிருந்து நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

"கேஸ்தான், ஒரு சோடா குடுங்க"ன்னு கெஸ்ட்டே சொல்றார். குடுக்கலாமா?

வேண்டாம். வாயுவா மாரடைப்பா என்று டாக்டரே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சோடா குடித்து ஏப்பம் விட்டதும் சற்று லேசானது போலத் தோன்றி அரை மணி நேரம் தள்ளிப்போகும், அதுதான் அதில் உள்ள தீங்கு. படியில் நடத்திக் கூட்டி வருவதும் கூடாது. அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் மாத்திரையோ வேறு எதுவுமோ கொடுக்கலாமா என்று 108-லேயே கேளுங்கள், அவர்கள் சொன்னால் மட்டும் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

வலிப்புக்குக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதையும் விட்டுவிடுங்கள். இரும்புக்கும் வலிப்புக்கும் தொடர்பில்லை. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கிறது, அந்த நேரத்தில் கையில் சாவி இருந்ததால் சாவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. கை காலை அமுக்கிப் பிடிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், இடிபடும் நாற்காலி மேசையை நகர்த்துங்கள். எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ அதை 108-ல் சொல்ல வேண்டும். நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கெஸ்ட்டுக்கு தமிழ் தெரியாது. இந்தி, தெலுங்குதான். என்ன கேக்கறது?

நீளமாகக் கேட்க வேண்டாம். இந்தியில் "தர்த் கஹான் ஹை?", தெலுங்கில் "நொப்பி எக்கட?" என்று கேட்டால் கையை வைத்துக் காட்டுவார்கள். கை வைத்த இடத்தை நீங்கள் தமிழில் 108-ல் சொல்லுங்கள். மற்றபடி வேர்வை, மூச்சு, வாய் கோணல் எல்லாம் மொழி இல்லாமலே கண்ணுக்குத் தெரிபவை. மொழி தெரிந்த வேறு விருந்தினர் இருந்தால் அவரை எழுப்பத் தயங்காதீர்கள். ஆனால் போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். லாட்ஜின் முகவரி அவருக்குத் தெரியாது.

உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு. மாஸ்டர் கீ இருந்தும் திறக்கல. அப்போ?

மாஸ்டர் சாவி பூட்டைத்தான் திறக்கும், மேலே போட்ட தாழ்ப்பாளை அல்ல. பாத்ரூமில் விழுந்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். 108-ல் முகவரி சொன்ன கையோடு "கதவு உள்பக்கம் தாழ், ஆள் பதில் சொல்லல" என்று சொல்லுங்கள். அடுத்து இன்னொரு போனிலிருந்து 112-க்கோ, தீயணைப்புத் துறையின் 101-க்கோ அழையுங்கள். அவர்கள் வரும்வரை சும்மா நிற்க வேண்டாம். கதவு போனால் போகட்டும், தாழ்ப்பாள் இருக்கும் பக்கத்தை உடையுங்கள். பாத்ரூம் கதவு உள்பக்கம் திறப்பதானால், விழுந்தவர் கதவை ஒட்டிக் கிடக்கலாம், ஆகவே ஓடி வந்து மோதாமல் தாழ்ப்பாள் பக்கத்தை நெம்பித் திறக்கப் பாருங்கள். உடைக்கும்போது இன்னொரு ஊழியர் கூட இருப்பது நல்லது.

ஸ்டான்லி பக்கத்துலதானே இருக்கு, ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டுப் போனா சீக்கிரம் போயிடலாமே?

தூரத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆட்டோவில் ஆக்சிஜன் இல்லை, படுக்க இடமில்லை. மூச்சு நின்றால் ஓடும் ஆட்டோவில் நெஞ்சை அழுத்த முடியாது. நினைவில்லாதவரை உட்கார வைத்தால் தலை முன்னால் தொங்கி மூச்சுப் பாதையே அடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் 108, அதில் மாற்றமில்லை.

வண்டி வர நேரமாகும் என்று அவர்களே சொன்னால், அல்லது மழையில் தெருவில் தண்ணீர் நின்று வண்டி நுழைய முடியாது என்றால், "நினைவோட இருக்கார், கார் இருக்கு, கூட்டிட்டு வரலாமா" என்று அவர்களிடமே கேளுங்கள். சரி என்றால் காரில் சாய்த்து உட்கார வைத்து, கூட ஒருவர் போகட்டும். கிளம்பிவிட்டோம் என்று 108-லும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வண்டி காலி ரூமைத் தேடி வரும்.

ஆம்புலன்ஸ் வேணாம், காலைல பாத்துக்கறேன்னு கெஸ்ட் அடம்பிடிக்கிறார். நாம கட்டாயப்படுத்த முடியுமா?

கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் 108-க்கு அழைப்பதை அது தடுக்காது. வந்து பரிசோதித்துவிட்டு அவர்களே அவரிடம் பேசட்டும். செலவை நினைத்துத்தான் பலர் வேண்டாம் என்கிறார்கள், எனவே "இது இலவசம் சார், கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கும் காசு இல்ல" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் வந்து, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்று படுக்கப் போகிறவரை மட்டும் விடாதீர்கள். ரத்தக் கட்டியால் வந்த பக்கவாதத்தில் அதைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சரியானது மறுபடி வந்து, அவர் தூக்கத்திலேயே இருந்தால், எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாமல் போகும். "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா பேசினார்" என்பதை எழுதி வையுங்கள். ராத்திரி 10.40-க்கு கவுன்டரில் சாவி வாங்கும்போது நன்றாகப் பேசினார் என்றால், அந்த நேரம்கூட டாக்டருக்குப் பயன்படும்.

ஆம்புலன்ஸ்ல ஏத்தின பிறகு நாங்க என்ன குடுத்து அனுப்பணும்?

ஒரு துண்டுச் சீட்டு. அதில் பெயர், வயது, என்ன பார்த்தீர்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன மாத்திரை, வாயில் ஏதாவது கொடுக்கப்பட்டதா, உறவினர் எண், லாட்ஜ் எண். மாத்திரைக் கவரையும், செக்-இன் செய்தபோது கொடுத்த அடையாள அட்டையின் நகலையும் கூட வையுங்கள். தனியாகத் தங்கியவராக இருந்தால் எந்த ஆஸ்பத்திரி என்று ஆம்புலன்ஸ்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, ரிஜிஸ்டரில் இருக்கும் எண்ணுக்கு வீட்டாரை அழைத்து அந்தப் பெயரைச் சொல்லுங்கள். பிறகு ரூமைச் சுத்தம் செய்யச் சொல்லாமல், அவருடைய சாமானோடு அப்படியே பூட்டி, சாவியை மேனேஜரிடம் கொடுங்கள்.